எல்கேஜிக்கு முன் ஆறு வாரம்: முத்திரை குத்தாமல் ஒரு கவனிப்புத் தாள்

கேள்வி: எங்கள் பள்ளியில் ப்ரீகேஜியில் 18 பிள்ளைகள். எல்கேஜிக்குத் தயாரா என்று ஆறு வாரம் பார்த்து, பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு தாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் ‘ஸ்லோ’, ‘அடம்’, ‘கவனம் இல்லை’ என்று எழுதியதில் இரண்டு அம்மாக்கள் அழுதே விட்டார்கள். என்னென்ன பார்ப்பது, எப்படிக் குறிப்பது, எப்படிச் சொல்வது?

பதில்:

அந்த மூன்று சொற்களிலும் உள்ள பெரிய குறை, அவை தகவலே தரவில்லை என்பதுதான். ‘கவனம் இல்லை’ என்று படித்த அம்மாவுக்கு, எப்போது, எந்த வேலையில், எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் இருந்தபோது என்று எதுவும் தெரியாது. எல்கேஜி மிஸ்ஸுக்கும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆகவே ‘ஸ்லோ’வுக்குப் பதிலாக ‘மெதுவாகக் கற்கிறாள்’ என்று நாகரிகமாக எழுதினால் பிரச்சினை தீராது. பிள்ளை என்ன செய்தாள், எந்த உதவி கிடைத்தபோது செய்தாள் என்பதை மட்டும் எழுதுகிற தாளாக மாற்ற வேண்டும். அப்படி எழுதத் தொடங்கினால் முத்திரை குத்தும் சொற்களுக்கு இடமே இருக்காது.

முதலில் தாளின் அமைப்பு. பெரும்பாலான படிவங்கள் உடல் வளர்ச்சி, மொழி வளர்ச்சி, அறிவு வளர்ச்சி என்று தலைப்பு போட்டிருக்கும். வகுப்பில் நிற்கிற மிஸ்ஸுக்கு அது உதவாது. பிள்ளை டிபன் டப்பாவைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தில் விரல் பலமும் தெரியும், உதவி கேட்கும் பேச்சும் தெரியும், பொறுமையும் தெரியும். அதனால் பட்டியலை நாளின் வேளைகளாகப் பிரியுங்கள். அந்தந்த வேளையில் அந்த இடத்தில் நின்றாலே போதும், தனியாகப் பரீட்சை வைக்க வேண்டாம். இந்த வயதில் தேர்வு பொருந்தாது என்று 2022-ல் வெளிவந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் சொல்கிறது. கவனிப்பும் பிள்ளை செய்த பொருள்களுமே மதிப்பீட்டுக்கு வழி என்கிறது.

காலையில் வாசலில்: பையைக் கழற்றித் தன் இடத்தில் வைக்கிறாளா, செருப்பைத் தானே கழற்றுகிறாளா, விட்டுவிட்டுப் போனவர் கண்ணில் இருந்து மறைந்த பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறாள். இதில் அழுகையைக் குறிக்க வேண்டியதில்லை, அடங்க எடுக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுவார்கள்.

வட்டமாக உட்காரும் நேரத்தில்: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, பாட்டின் செய்கைகளில் சேர்கிறாளா, தெரிந்த கதையில் அடுத்து என்ன வரும் என்று சொல்லவோ காட்டவோ செய்கிறாளா. விளையாட்டு மூலையில்: தானே எடுத்த பொருளோடு எத்தனை நிமிடம் இருக்கிறாள், பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்த்துச் சேர்கிறாளா, வேண்டியதைக் கேட்கிறாளா பிடுங்குகிறாளா. டிபன் வேளையில்: டப்பா மூடி, தண்ணீர் பாட்டில், கையால் எடுத்துச் சாப்பிடுவது. கழிப்பறையில்: வருகிறது என்று முன்னால் சொல்கிறாளா, நிக்கரை இறக்கி ஏற்றுகிறாளா, கை கழுவுகிறாளா. முற்றத்தில்: படி ஏறும்போது கால் மாற்றி மாற்றி வைக்கிறாளா, இரண்டு காலாலும் சேர்ந்து குதிக்கிறாளா, உருட்டிவிட்ட பந்தைப் பிடிக்கிறாளா. மேசையில்: பெரிய மணியைக் கயிற்றில் கோர்க்கிறாளா, வரைந்து காட்டினால் வட்டம் போடுகிறாளா. இவற்றோடு நாள் முழுவதுக்குமாகப் பேச்சு பற்றி இரண்டு: மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாளா, வீட்டாரைத் தவிர வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரிகிறதா.

ஏறக்குறைய இருபது வரிகள் வருகின்றன. இதற்கு மேல் சேர்க்காதீர்கள். முப்பது நாற்பது வரிகள் ஆனால் கடைசி வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நினைவில் இருந்து நிரப்பும் நிலை வரும். நினைவில் நிற்பவை அதிகம் படுத்திய பிள்ளையும் அதிகம் சமர்த்தான பிள்ளையும் மட்டுமே. நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி டிக் விழும்.

‘அ’ எழுதுவது, ஏபிசிடி சொல்வது, நூறு வரை ஒப்பிப்பது ஆகியவற்றை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். கை வளர்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பார்த்து வரைவதில் வட்டம் மூன்று வயதை ஒட்டி வரும், கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் நான்கரை ஐந்தில், முக்கோணம் ஐந்தை ஒட்டி. கூட்டல் குறியே வராத கையிடம் சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த ‘அ’வைக் கேட்டால், கையைப் பிடித்து எழுத வைக்கத்தான் வேண்டியிருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளையின் ஆயத்தத்தை அறிய முடியாது. பெற்றோர் ‘எழுத்து எங்கே?’ என்று கேட்பார்கள். மேலே சொன்ன வரிசையை அப்படியே சொல்லுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி குறிக்கும் முறை. டிக், கிராஸ், நட்சத்திரம், மதிப்பெண், சிவப்பு-பச்சை நிறம் எதுவும் வேண்டாம். எண்ணக்கூடிய எதைக் கொடுத்தாலும் பெற்றோர் எண்ணுவார்கள். இருபதுக்குப் பதினாலு என்று மாமியாரிடம் போய்ச் சேரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பதினாறோடு ஒப்பிடப்படும். ஒவ்வொரு வரிக்கும் நேராக ஐந்து கட்டம் போடுங்கள்: ‘தானாக’, ‘சொன்னால்’, ‘செய்து காட்டினால்’, ‘கை கொடுத்தால்’, ‘பார்க்கக் கிடைக்கவில்லை’. பார்த்த அன்று உரிய கட்டத்தில் தேதியை மட்டும் எழுதுங்கள். ஜனவரி 29-ல் ‘கை கொடுத்தால்’ கட்டத்திலும் பிப்ரவரி 11-ல் ‘சொன்னால்’ கட்டத்திலும் தேதி இருந்தால், பிள்ளை எந்தப் பக்கம் நகர்கிறாள் என்பது எந்த உரிச்சொல்லும் இல்லாமல் தெரிந்துவிடும்.

ஐந்தாவது கட்டத்தை மறக்காதீர்கள். நடைமுறையில் அதிகம் தவறு நடப்பது அங்கேதான். பிள்ளை படி ஏறுவதை யாரும் பார்க்கவில்லை என்றால் அந்த வரி வெறுமையாக இருக்கும். படிக்கிறவர்களுக்கு அது ‘ஏறத் தெரியாது’ என்று தோன்றும். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டால் அந்தப் பழி பிள்ளைமேல் விழாது. ஒருமுறை நடந்ததை வைத்து ‘தானாக’ என்று முடிவு செய்யவும் வேண்டாம். மூன்று வேறு நாள்களில் கண்டிருந்தால் மட்டும் பெற்றோர் தாளில் ஏற்றுங்கள்.

ஆறு வாரத்தைப் பொங்கல் விடுமுறை முடிந்து தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் எதையும் குறிக்க வேண்டாம். விடுமுறையில் தூக்க நேரம் மாறியிருக்கும், தாத்தா பாட்டி வீட்டில் ஊட்டிவிட்டிருப்பார்கள். அந்த வாரத்துப் பிள்ளை அவளுடைய வழக்கமான நிலையில் இருக்க மாட்டாள். இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை கவனிப்பு. ஆறாவது வாரம் விடுபட்ட வரிகளைத் தேடிப் பார்க்கவும், தாள் எழுதவும்.

18 பிள்ளைகளையும் தினமும் பார்க்க முடியாது. நாளுக்கு நான்கு பேர் என்று முறை வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள், வராத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை இரண்டு இடம் மிச்சம் இருக்கும். அன்று முறை வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று துண்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி. நாளுக்குப் பன்னிரண்டு சீட்டு வரும். ஒன்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. வாரத்துக்கு வாரம் வேளையை மாற்ற வேண்டும். முதல் சுற்றில் காலை வட்டத்தில் பார்த்த பிள்ளையை அடுத்த சுற்றில் டிபனில் பாருங்கள், அதற்கடுத்து முற்றத்தில். ஒரே பிள்ளையைத் தினமும் பதினொன்றரை மணிக்கே பார்த்தால், பசியும் தூக்கமும் சேர்ந்த முகத்தையே ஆறு வாரமும் எழுதிக்கொண்டிருப்போம்.

சீட்டில் நான்கு விஷயம் போதும்: நாளும் நேரமும், எங்கே யாரோடு, என்ன செய்தாள் அல்லது சொன்னாள், பெரியவர் என்ன உதவி செய்தார். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘மிஸ், மூடி வல்ல’ என்பது அவள் சொன்னது. ‘உதவி கேட்கும் திறன் உண்டு’ என்பது உங்கள் முடிவு. ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘வேண்டுமென்றே’, ‘மற்ற பிள்ளைகளைப் போல’ என்று சீட்டில் எழுத வந்தால் பேனாவை நிறுத்துங்கள். அதெல்லாம் கண்ணால் கண்டதாக இருக்க முடியாது. காய்ச்சல் முடிந்து வந்த நாள், வீட்டில் தம்பி பாப்பா பிறந்த வாரம், அப்பா வெளியூர் போன நாள் என்று தெரிந்தால் சீட்டின் ஓரத்தில் குறியுங்கள்.

கழிப்பறையிலும் சாப்பாட்டிலும் ஆயாம்மா பார்ப்பதுதான் அதிகம். அவரிடம் படிவத்தைக் கொடுக்காமல் மதியம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ‘இன்னைக்கு அவ நிக்கரை யார் ஏத்தினா?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘சமத்து’, ‘ரெட்டை வாலு’ என்று சொன்னால், என்ன செய்தாள் என்று இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் தடவை நடந்ததைச் சொல்லிவிடுவார்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் இருந்தால் பேச்சு வரிகளை உங்கள் காதால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். வீட்டில் தெலுங்கோ இந்தியோ சௌராஷ்டிரமோ பேசுகிற பிள்ளை, தமிழும் ஆங்கிலமும் கலந்த வகுப்பில் மாதக்கணக்கில் பேசாமல் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது சாதாரணம். வீட்டு மொழியில் எத்தனை சொல் சேர்த்துப் பேசுகிறாள் என்று பெற்றோரிடம் கேட்டு, அதைத் தனி வரியாக எழுதுங்கள். இரண்டு மொழியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பேச்சின் அளவு தெரியும்.

வயதையும் மாதக் கணக்கில் எழுதுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு வயது ஒன்பது மாதமும் மூன்று வயது எட்டு மாதமும் இருக்கும். இந்த வயதில் பதினொரு மாதம் மிகப் பெரிய வித்தியாசம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில்கூட, ஒரு வயதுக்கு நேராகப் போட்டிருப்பவை நூற்றுக்கு 75 பிள்ளைகளாவது அந்த வயதுக்குள் செய்பவை. ஆகவே ஒன்று வராதது டாக்டரிடம் பேசுவதற்கான காரணமாகுமே தவிர, அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இவை எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு மாதிரிப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மூன்று வயது ஐந்து மாதப் பையன். கதை நேரத்தில் எழுந்து எழுந்து போகிறான். பழைய முறையில் இவனுக்கு ‘கவனம் இல்லை, ஒரு இடத்தில் உட்கார மாட்டான்’ என்று விழுந்திருக்கும். சீட்டுகள் இப்படி வருகின்றன:

இரண்டாம் வாரம், திங்கள், 9.50. வட்டத்தில் பின்பக்கம், ஜன்னலோரம். படம் இல்லாமல் வாயால் சொன்ன கதை. இரண்டு நிமிடத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போனான். பேர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் வந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் வாரம், செவ்வாய், 10.40. கட்டைகள். தனியாக 14 நிமிடம். ஏழு கட்டை அடுக்கினான், விழுந்ததும் திரும்ப அடுக்கினான். உதவி இல்லை.

நான்காம் வாரம், புதன், 9.55. முன்வரிசை, மிஸ்ஸின் முழங்கால் பக்கம். படப் புத்தகம். ஏழு நிமிடம், முடியும் வரை இருந்தான். ‘பூனை எங்க போச்சு?’ என்று கேட்டான்.

ஐந்தாம் வாரம், வியாழன், 11.20. விளையாட்டு மூலை, ஃபேன் ஓடுகிறது. பின்னால் இருந்து சாதாரணக் குரலில் இடைவெளி விட்டு நான்கு முறை பேர் சொன்னதில் ஒருமுறை திரும்பினான். மூக்கு ஒழுகுகிறது. ஆயாம்மா: ‘சளி ஒரு மாசமா இருக்கு.’

இதே நாலு சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டையோடு 14 நிமிடம் இருந்தவனுக்குக் கவனம் இல்லை என்று எழுதவே முடியாது. முகமும் படமும் கண்ணில் படுகிற இடத்தில் கதை முடியும் வரை இருக்கிறான். முகம் தெரியாத இடத்தில், சத்தம் இருக்கும்போது, குரலுக்குத் திரும்பவில்லை. உடனே தோன்றுவது, காது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது. நீடித்த சளியில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறைவது இந்த வயதில் அடிக்கடி நடக்கும். ஒரு நாள் நன்றாகக் கேட்கும், இன்னொரு நாள் மந்தமாக இருக்கும். அதனால்தான் ‘கேட்டும் கேட்காத மாதிரி இருக்கான்’ என்று பெரியவர்கள் கோபப்படுகிறார்கள்.

ஆனால் தாளில் ‘காது மந்தம்’ என்றும் எழுதக் கூடாது. அதுவும் முத்திரைதான், அதுவும் நாம் கண்டறிய முடியாத ஒன்று. விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளை திரும்பாமல் இருப்பதும் உண்டு. எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘முன்னால் உட்கார்ந்து படம் பார்க்கும்போது கதை முடியும் வரை இருக்கிறான், கேள்வி கேட்கிறான். பின்னால் இருந்து கூப்பிடும்போது, ஃபேன் சத்தத்தில், நான்கு முறையில் ஒருமுறை திரும்பினான். ஒரு மாதமாகச் சளி இருக்கிறது. காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. வகுப்பில் இனி முன்வரிசையில் உட்கார வைக்கிறோம்.’ அப்பா இதை எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால், டாக்டருக்கும் பயன்படும். காதில் எதுவும் இல்லை என்று வந்தாலும் பிள்ளைமேல் எந்தச் சொல்லும் ஒட்டியிருக்காது. முன்வரிசை உதவுகிறது என்ற தகவல் மட்டும் மிஞ்சும்.

பெற்றோருக்குப் போகும் தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கட்டம் போட்ட படிவமும் சீட்டுகளும் பள்ளியின் வேலைத்தாள்கள். கேட்டால் காட்டலாம், ஆனால் கையில் கொடுப்பது மூன்று பகுதி கொண்ட ஒரு கடிதம். முதல் பகுதியில் தானாகச் செய்பவை நான்கைந்து, ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வோடு. இரண்டாவதில் இப்போது உதவியோடு செய்பவை இரண்டு அல்லது மூன்று, என்ன உதவி என்பதோடு. ‘டப்பா மூடியை ஒரு ஓரம் தளர்த்திக் கொடுத்தால் மீதியைத் தானே திறக்கிறாள்’ என்று இருக்க வேண்டும். ‘டப்பா திறக்கத் தெரியவில்லை’ என்பதும் அதே செய்திதான், ஆனால் முதல் வாக்கியத்தைப் படித்த பாட்டி அன்று மாலையே வீட்டில் ஓரத்தைத் தளர்த்திக் கொடுத்துப் பார்ப்பார். மூன்றாம் பகுதி வெற்றுக் கோடுகள்: ‘வீட்டில் இதை எப்படிச் செய்கிறாள்? நாங்கள் பார்க்காத எதைச் செய்கிறாள்?’ இதைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் தொலைபேசியில் அத்தையோடு அரைமணி பேசுகிறாள் என்பது இந்தக் கோடுகளில்தான் தெரியவரும்.

கொடுப்பதற்கு முன் 18 படிவங்களையும் வரிசையாகப் பரப்பி ஒரே வரியைக் கீழ்நோக்கிப் பாருங்கள். ‘கை கழுவுவது’ வரியில் பன்னிரண்டு பேருக்குக் ‘கை கொடுத்தால்’ என்று வந்திருந்தால், குழாய் எட்டவில்லை என்று அர்த்தம். ஒரு முக்காலி போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த வரியை அப்படியே பெற்றோருக்கு அனுப்பினால், பள்ளியின் குறையைப் பன்னிரண்டு பிள்ளைகள் தலையில் கட்டியதாகிவிடும்.

சந்திப்புக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். வாசலில் நின்று, மற்ற அம்மாக்கள் காதில் விழும்படி ஒரு வார்த்தையும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் நிச்சயமாக வேண்டாம். பிள்ளை ஆயாம்மாவோடு வேறு அறையில் விளையாடட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது நன்றாகவே புரியும். படிக்கச் சிரமப்படுகிறவர் வந்தால், கேட்காமலேயே, ‘சேர்ந்து பார்த்துடலாம் வாங்கம்மா’ என்று வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நீங்கள் பேச வேண்டாம். ‘வீட்ல இப்ப எதைச் செஞ்சா ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கான்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் பாதி உங்கள் சீட்டோடு ஒத்துப்போகும், அங்கிருந்து தொடர்வது எளிது. பிறகு முதல் பகுதி, பிறகு இரண்டாம் பகுதி. ‘எல்லாம் நல்லாத்தான் செய்றான், ஆனா…’ என்று தொடங்காதீர்கள். அந்த ‘ஆனா’வுக்கு முன்னால் சொன்னது எதுவும் காதில் ஏறாது. ஒன்றைச் சொல்லி முடித்து, அவர்கள் பேச இடம் விட்டு, அடுத்ததற்குப் போங்கள். முடிவில் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி செய்து பார்க்க ஒன்றே ஒன்றைச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். மூன்று நான்கு வேலை கொடுத்தால் எதுவும் நடக்காது, அம்மாவுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

‘மத்த பசங்க எல்லாம் செய்றாங்களா மிஸ்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘மத்த பிள்ளைங்களைப் பத்தி அவங்கவங்க அம்மா அப்பாகிட்ட மட்டும்தான் பேசுறோம். இவன் ஜனவரியில எங்க இருந்தான், இப்ப எங்க இருக்கான்னு காட்டுறேன்’ என்று தேதிகளைக் காட்டுங்கள். இதைவிடக் கடினமான கேள்வி, தாழ்ந்த குரலில் வருவது: ‘ஆட்டிசமா இருக்குமா?’ இல்லை என்று ஆறுதல் சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை, இருக்கலாம் என்று சொல்லவும் இல்லை. ‘அதைச் சொல்றதுக்கு நான் படிக்கலைம்மா. நான் பார்த்ததைத் தேதியோட எழுதித் தரேன், டாக்டர்கிட்ட காட்டுங்க’ என்று சொல்லி, சொன்னபடி எழுதிக் கொடுங்கள்.

முத்திரை குத்தக் கூடாது என்பதால் தகவலை மறைக்கலாம் என்று ஆகாது. சிலவற்றுக்கு ஆறாவது வாரம் வரை காத்திருக்கவே கூடாது, பார்த்த அன்றே பெற்றோரை அழைத்துச் சொல்ல வேண்டும்: முன்பு பேசிய சொற்களோ செய்த வேலைகளோ காணாமல் போவது, சில நொடிகள் வெறித்து நின்று கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராதது, ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்வாக இருப்பது அல்லது அடிக்கடி விழுவது, சத்தத்துக்குத் திரும்பாதது, மூன்று வயதைக் கடந்தும் வீட்டு மொழியிலும் இரண்டு சொல் சேராதது, எதையும் காட்டவோ பகிரவோ பெரியவர் முகத்தைத் தேடாதது. இவற்றையும் பார்த்தது, எத்தனை முறை, எப்போது என்ற அதே முறையில்தான் சொல்ல வேண்டும். எங்கே போவது என்றும் சொல்லுங்கள். குழந்தை டாக்டரிடம் காட்டலாம். அரசுத் தரப்பில், 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை நேரிலேயே வந்து பரிசோதிக்கும். தனியார் நர்சரிப் பிள்ளைக்கு யாரும் தேடி வருவதில்லை என்பதால், உங்கள் மாவட்ட மையம் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாளைக் கொடுத்து எட்டு வாரம் கழித்து இரண்டாம் பகுதியில் எழுதிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் மறுபடி பாருங்கள். மூன்று சீட்டு போதும். எல்கேஜி மிஸ்ஸிடம் ஒப்படைக்க வேண்டியது பெற்றோர் கையில் இருக்கும் அதே ஒரு பக்கம்தான், அவர்கள் நிரப்பிய கோடுகளோடு. துண்டுச் சீட்டுகளையும் கட்டம் போட்ட படிவத்தையும் மேலே அனுப்ப வேண்டாம். ஜூன் மாதம் அவற்றைப் படிக்கிற புது மிஸ், பிப்ரவரியில் ஃபேன் சத்தத்தில் திரும்பாத பையனைத்தான் வகுப்பில் தேடுவார். பெற்றோர் பார்க்காத எந்தக் குறிப்பும் பிள்ளையின் கோப்பில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், எழுதும் கையும் தானாகவே நிதானமாகிவிடும்.